பேசாத வகுப்பில் சொல் கற்பிக்க திங்க்-பேர்-ஷேர், ஜிக்சா இரண்டும் செய்தேன், எங்கே தவறுகிறேன்?

கரும்பலகை:

எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். 32 பிள்ளைகள். எழுதச் சொன்னால் ஒழுங்காக எழுதுவார்கள், வாசிக்கச் சொன்னால் வாசிப்பார்கள். பேசத்தான் மாட்டார்கள். கேள்வி கேட்டால் எல்லோரும் குனிந்து புத்தகத்தைப் பார்ப்பார்கள். முன் வரிசையில் மூன்று பேர் மட்டும் எப்போதும் பதில் சொல்வார்கள்.

சொற்களஞ்சியம்தான் என் கவலை. ‘அலட்சியம்’, ‘அவகாசம்’, ‘பாரபட்சம்’ போன்ற சொற்களைப் பாடத்தில் பார்த்தால் ஏறக்குறைய புரிகிறது. சொந்தமாக எழுதும்போதோ பேசும்போதோ ஒன்றுகூட வருவதில்லை. பேசிப் பழகினால்தானே சொல் கைக்கு வரும் என்று திங்க்-பேர்-ஷேர் ஆரம்பித்தேன். “அலட்சியம் என்றால் என்ன? யோசியுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள், அப்புறம் சொல்லுங்கள்” என்றேன். ஜோடியாகத் திரும்பி உட்கார்ந்தார்கள். பத்து விநாடியில் முடிந்துவிட்டது. மீதி நேரம் சும்மா இருந்தார்கள். கடைசியில் அதே மூன்று பேர் கை தூக்கினார்கள்.

அடுத்து ஜிக்சா. 16 சொற்களை நான்கு சீட்டாகப் பிரித்தேன், சீட்டுக்கு நான்கு சொல். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதிப் பொருளும் கொடுத்தேன். ஒரே சீட்டு வைத்திருப்பவர்கள் கூடிப் படித்துவிட்டு, தங்கள் குழுவுக்குத் திரும்பிப்போய் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். நடந்தது என்னவென்றால், ஒருவர் சீட்டைப் பார்த்து வாசித்தார், மற்ற மூவரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். வகுப்பு அமைதியாக, அழகாக இருந்தது. மறுவாரம் சோதித்தால் அவரவர் சீட்டில் இருந்த சொற்கள் மட்டும்தான் தெரிகின்றன. மற்ற 12 சொற்கள் கேள்விப்படாதது போல இருக்கிறார்கள்.

முறையே இந்த மாதிரி வகுப்புக்குப் பொருந்தாதா, இல்லை நான் செய்த விதம் தவறா?

அகரமுதலி:

செய்த விதம்தான், டீச்சர். இரண்டிலும் ஒரே தவறுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். பிள்ளைகள் பேசுவதற்கு எந்தத் தேவையும் இல்லை. முதலில் திங்க்-பேர்-ஷேரை மட்டும் சொல்கிறேன், ஜிக்சாவுக்கு அப்புறம் வருகிறேன்.

“அலட்சியம் என்றால் என்ன?” என்ற கேள்விக்கு ஒரு பதில்தான் உண்டு. தெரிந்தவர் சொல்லிவிட்டால் பேச்சு தீர்ந்தது. இருவருக்கும் தெரியாவிட்டால் அதுவும் பத்து விநாடியில் தீர்ந்துவிடும். ஜோடி பேச வேண்டுமானால் இருவரும் வேறு வேறு முடிவுக்கு வரக்கூடிய கேள்வி வேண்டும். பொருளைக் கேட்காதீர்கள், தேர்வு செய்யச் சொல்லுங்கள். இப்படி இரண்டு வாக்கியம் பலகையில் எழுதுங்கள்:

“அவனுக்கு வீட்டுப்பாடம் தெரியவில்லை, அதனால் எழுதவில்லை.”
“அவனுக்கு வீட்டுப்பாடம் தெரியும், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.”

எது அலட்சியம்? பெரும்பாலோர் இரண்டாவது என்பார்கள். உடனே மூன்றாவதாக ஒன்று எழுதுங்கள்: “அவனுக்கு வீட்டுப்பாடம் இருக்கிறது என்பதே மறந்துபோய்விட்டது.” மறதி அலட்சியமா? இங்கே வகுப்பு இரண்டாகப் பிரியும். தெரிந்திருந்தும் மதிக்காமல் விடுவது அலட்சியம் என்று ஒருவர் சொல்ல, அக்கறை இருந்தால் மறக்குமா என்று இன்னொருவர் கேட்பார். அந்த வாக்குவாதத்தில் அந்தச் சொல்லை அவர்கள் நாலைந்து தடவை வாயால் சொல்லிவிடுவார்கள். நமக்கு வேண்டியது அதுதான்.

இரண்டாவது, ‘யோசி’ என்ற கட்டம். யோசிக்கச் சொன்னால் பேசாத பிள்ளை யோசிப்பதில்லை, தன்னைக் கேட்டுவிடுவார்களோ என்று பயப்படுகிறது. எழுதச் சொல்லுங்கள். ஒரு நிமிடம், பேச்சே கூடாது. எந்த வாக்கியம், ஏன் என்று ஒரே வரி. உங்கள் பிள்ளைகள் எழுதுவார்கள் என்கிறீர்கள், அந்தப் பலத்தைப் பயன்படுத்துங்கள். கையில் ஒரு வரி இருந்தால் ஜோடியிடம் திரும்பும்போது வெறுங்கையோடு போக மாட்டார்கள். கல்வியாளர் ஃபிராங்க் லைமன் 1981இல் இந்த முறையை முன்வைத்தபோதே, யோசிக்கத் தரும் இடைவெளிதான் அதன் உயிர். அதற்கு முன்பே மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீள்கின்றன என்று கண்டார். மூன்று விநாடிக்கே அந்த மாற்றம் என்றால், ஒரு நிமிட எழுத்து பெரிய அவகாசம்.

மூன்றாவது, ‘பகிர்’. கை தூக்கச் சொல்லாதீர்கள். ஜோடிகள் பேசும்போது நடுவில் நடந்து கேளுங்கள். நல்ல வரி காதில் விழுந்தால் குனிந்து, “இதை அப்புறம் உன்னிடம் கேட்பேன், இப்படியே சொல்” என்று சொல்லிவிட்டு நகருங்கள். கேட்கும்போதும் “நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்காமல் “உன் ஜோடி என்ன சொன்னாள்?” என்று கேளுங்கள். அடுத்தவர் சொன்னதைச் சொல்வதில் தப்பாகிவிடுமோ என்ற பயம் குறைவு. அதோடு, ஜோடி பேசும்போது காதுகொடுத்துக் கேட்க வேண்டிய அவசியமும் வந்துவிடுகிறது.

சொல்வேட்டை:

இவ்வளவு சிக்கல் வேண்டாம். நான் ஒவ்வொருவருக்கும் ஐந்து அட்டை கொடுத்துவிடுவேன். ஒரு தடவை பேசினால் ஒரு அட்டையை மேசையில் வைக்க வேண்டும். பீரியட் முடிவதற்குள் ஐந்தும் தீர்ந்தால் மதிப்பெண். எல்லோரும் பேசியே ஆக வேண்டும், மூன்று பேர் மட்டும் பேசுகிற கதையும் இருக்காது. இன்னொன்று, பொருளே தெரியாமல் எப்படிப் பேசுவார்கள்? முதலில் பொருளைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அப்புறம் பேச விடுங்கள்.

கரும்பலகை:

அட்டை முறை போன வருடம் செய்தேன், சார். அட்டைகள் தீர்ந்தன. ஆனால் “ஆமாம்”, “நானும் அதேதான்”, “அவள் சொன்னது சரி” என்றே தீர்ந்தன. புதிய சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை.

அகரமுதலி:

சொல்வேட்டை சொன்னதில் ஒரு விஷயம் சரி. முறை சமமாக வர வேண்டும். ஆனால் பேசிய தடவையை எண்ணுவதைவிட நேரத்தைப் பிரிப்பது நல்லது. சுவர்ப் பக்கம் இருப்பவர் ஒரு நிமிடம், ஜன்னல் பக்கம் இருப்பவர் ஒரு நிமிடம். கேட்பவர் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும்.

பொருளை முதலில் சொல்வதா என்பதில் நானும் பாதி உங்கள் பக்கம்தான். முழுக்க இருட்டில் விடக் கூடாது. ஆனால் அகராதி வரியைக் கொடுத்துவிட்டால் அதைத் திருப்பிச் சொல்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்று நல்ல வாக்கியங்களைக் கொடுத்துப் பொருளை அவர்களே எட்டிப்பிடிக்க விட்டு, கடைசியில் நான் உறுதிப்படுத்துவேன்.

நாலாவது பெஞ்சு:

நான் ஆசிரியை இல்லை. நீங்கள் சொல்கிற அந்தப் பேசாத பிள்ளையாகப் பள்ளி முழுவதும் இருந்தவள். அதனால் உள்ளே என்ன நடக்கும் என்று சொல்லத் தோன்றியது.

ஜோடியிடம் பேச எனக்குப் பயம் இருந்ததே இல்லை. ஜோடியிலிருந்து முழு வகுப்புக்குத் தாவும் அந்த இடம்தான் பயம். பக்கத்தில் இருப்பவளிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே, அடுத்து நம் பேரைக் கூப்பிடுவார்களோ என்று மனசு அங்கேயே இருக்கும். அதனால் ஜோடியிலும் பேச்சு வராது. ஒரு ஆசிரியை மட்டும் வருடத் தொடக்கத்திலேயே “நான் முன்னாலேயே சொல்லிவைக்காமல் யாரையும் எழுப்ப மாட்டேன்” என்று வாக்குக் கொடுத்தார், அதைக் காப்பாற்றவும் செய்தார். அந்த ஒரு வகுப்பில் மட்டும்தான் நான் பேசினேன்.

இன்னொன்று, புதிய சொல்லை உச்சரிக்கக் கூச்சம். ‘நிர்ப்பந்தம்’ என்று தனியாக முதல் தடவை வாயால் சொல்லும்போது நாக்கு புரண்டால் சிரிப்பார்கள். எல்லோரும் சேர்ந்து இரண்டு மூன்று தடவை சத்தமாகச் சொன்ன பிறகு ஜோடியாக விட்டால் அந்தக் கூச்சம் போய்விடும். சின்ன வகுப்பு வேலை மாதிரித் தெரியும், ஆனால் பதின்மூன்று வயதில்தான் அது அதிகம் தேவைப்பட்டது.

ஜோடியை அடிக்கடி மாற்றாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தினம் ஒரு புது முகம் என்றால் அந்த ஒரு நிமிடமும் தயங்கியே தீரும். இரண்டு மூன்று வாரமாவது ஒரே ஆளோடு இருந்தால் பேச்சு தானாக வரும்.

வண்ணச்சீட்டு:

ஜிக்சா என் பிள்ளைகளுக்கும் ரொம்பப் பிடிக்கும். படத்தை ஒட்டி 24 துண்டாக வெட்டி, பின்னால் ஒவ்வொரு சொல் எழுதிவிடுவேன். சேர்த்து முடித்தால் படம் வரும். சந்தைக் காட்சி, பறவைகள் என்று பெயர்ச்சொற்களுக்கு நன்றாக வருகிறது. ‘பாரபட்சம்’ மாதிரிச் சொல்லுக்கு என்ன படம் போடுவது என்றுதான் தெரியவில்லை.

அகரமுதலி:

அது படப்புதிர், மேடம். பெயர் ஒன்றாக இருப்பதால் குழப்பம் வருகிறது. இங்கே பேசுவது குழு முறை. ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுத் தகவல் மட்டும் இருக்கும், எல்லோரும் சொன்னால்தான் முழுசாகும். துண்டுகள் சேர்வது என்ற எண்ணம் மட்டும்தான் பொது.

கரும்பலகை:

எழுதிய பிறகு பேசுவது, ஜோடி சொன்னதைச் சொல்வது இரண்டையும் நான்கு நாளாகச் செய்கிறேன். இன்று ‘அவகாசம்’ எடுத்தோம். “ஒரு நாளைக்கு 24 மணி ___” என்பதில் அவகாசம் வருமா, நேரம் வருமா என்று கேட்டேன். ஒரு பையன், இதுவரை என்னிடம் ஒரு வாக்கியம்கூடப் பேசாதவன், “என் ஜோடி சொல்றான் டீச்சர், அவகாசம்னா யாராவது கொடுக்கணும், நேரம் அதுவா இருக்கும்” என்றான். நான் மூன்று வருடமாகச் சொல்லிக்கொடுத்த விளக்கத்தைவிட இது நல்ல விளக்கம்.

ஜிக்சா பற்றிச் சொல்கிறேன் என்றீர்களே, ஐயா?

அகரமுதலி:

அந்தப் பையன் சொன்னதை அப்படியே வகுப்புச் சுவரில் எழுதி ஒட்டுங்கள், டீச்சர். “வேலையை முடிக்க எனக்கு அவகாசம் இல்லை” என்றும் சொல்கிறோமே, அங்கே கொடுப்பவர் யார் என்று பிறகு ஒரு நாள் கேட்கலாம். அது அடுத்த வாக்குவாதம்.

சரி, ஜிக்சா. உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் இதைத் தொடங்கினார். இனப் பிரிவினை நீங்கி முதல்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளுக்குள் பகை மூண்டிருந்த நேரம். ஒருவருக்கு ஒருவர் தேவை என்ற நிலையை உண்டாக்கினால் ஒட்டுவார்கள் என்பது அவர் எண்ணம். அவர்கள் படித்தது வரலாற்று மனிதர் ஒருவரின் வாழ்க்கை போன்ற பாடங்கள். இளமைப் பருவம் ஒருவரிடம், பிற்காலம் இன்னொருவரிடம். ஒன்றில்லாமல் இன்னொன்று முழுமையாகாது.

சொற்பட்டியல் அப்படிப்பட்டதல்ல, இங்கேதான் உங்களுக்குச் சறுக்கியது. உங்கள் நான்கு சொல்லுக்கும் என் நான்கு சொல்லுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உங்கள் சொற்கள் இல்லாமலே என் வேலை முடிந்துவிடும். பின் ஏன் கேட்க வேண்டும்? சோதனைக்கு வரும் என்பதற்காக எழுதிக்கொள்வேன், அவ்வளவுதான். அவரவர் பகுதி மட்டும் நன்றாகத் தெரிவது ஜிக்சாவில் பொதுவாகவே வரும் குறைதான். பட்டியலை வெட்டிக்கொடுத்தால் அது பெரிதாகிவிடும்.

அதனால் சொற்களைப் பங்கு போடாதீர்கள், ஒரு சம்பவத்தைப் பங்கு போடுங்கள். சொற்கள் அந்தச் சம்பவத்துக்குள் இருக்கட்டும். நான் பயன்படுத்துகிற ஒன்றைத் தருகிறேன். சொற்கள் எட்டுதான், 16 அதிகம்: அவகாசம், பாரபட்சம், நிர்ப்பந்தம், உத்தேசம், அலட்சியம், சமரசம், சலுகை, ஆதங்கம்.

சம்பவம்: வகுப்பின் கையெழுத்துப் பத்திரிகை தாமதமாக வெளிவந்தது. யாரால்? நான்கு பேரின் வாக்குமூலம் இருக்கிறது.

பத்திரிகையின் தலைவி: “எல்லோருக்கும் பத்து நாள் அவகாசம் கொடுத்தேன். நான் யாரிடமும் பாரபட்சம் காட்டவில்லை.”

படம் வரைபவன்: “ஐந்தாம் நாளே படங்களைக் கொடுத்தாக வேண்டும் என்று நிர்ப்பந்தம் செய்தார்கள். அவசரமாக வரைந்து கொடுக்கும் உத்தேசம் எனக்கு இருக்கவில்லை.”

பிரதி எழுதுபவள்: “பிழைகளை நான் அலட்சியம் செய்தேன் என்கிறார்கள். தலைவியும் படம் வரைபவனும் சண்டை போட்டபோது சமரசம் செய்துவைத்ததிலேயே என் நேரம் போய்விட்டது.”

கட்டுரை எழுதியவன்: “எனக்கு மட்டும் மூன்று நாள் சலுகை கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் கட்டுரையைப் பாதியாகச் சுருக்கிவிட்டார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.”

பாருங்கள், தலைவி சொன்னதை மட்டும் கேட்டால் அவர் பேரில் தப்பில்லை. கட்டுரை எழுதியவன் வாயைத் திறந்தால்தான் ‘சலுகை’ வெளியே வரும், அப்போதுதான் ‘பாரபட்சம்’ பற்றித் தலைவி சொன்னது ஆட்டம் காணும். அந்தச் சொல் புரியாமல் வழக்கைத் தீர்க்க முடியாது. ஒருவன் பேசாமல் இருந்தால் மற்ற மூவரும் அவனை விட மாட்டார்கள்.

32 பேருக்கு இப்படி வரும். நான்கு வாக்குமூலமும் ஒன்றுசேரும் குழுவை வீட்டுக் குழு என்போம், நான்கு பேர் கொண்ட எட்டு வீட்டுக் குழுக்கள். ஒரே வாக்குமூலம் வைத்திருப்பவர்கள் எட்டு பேர் இருப்பார்கள். அவர்கள் முதலில் கூடிப் படிப்பது நிபுணர் குழு. அந்த எட்டு பேரையும் ஒரே நிபுணர் குழுவாக்காதீர்கள். எட்டில் மூவர் பேசுவார்கள், ஐவர் ஒளிந்துகொள்வார்கள். நான்கு நான்காக இரண்டு குழுவாக்குங்கள்.

நிபுணர் குழுவில் வேலை 12 நிமிடம். வாக்குமூலம், அதில் உள்ள இரண்டு சொல்லுக்கும் மும்மூன்று வாக்கியங்கள், கூடவே சொல் தப்பாக வந்த வாக்கியம் ஒன்று. எது தப்பு என்று கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். ‘சலுகை’க்கு நான் வைக்கும் தப்பு வாக்கியம்: “வேகமாக ஓடியதால் அவளுக்கு முதல் பரிசு சலுகையாகக் கிடைத்தது.” உழைத்துப் பெறுவது சலுகை ஆகாது என்று அங்கேயே பிடிபட்டுவிடும். அப்புறம் ஒவ்வொருவரும் தன் வாக்குமூலத்தைச் சொந்த வார்த்தையில் ஒரு தடவை சொல்லிப் பார்க்க வேண்டும்.

வீட்டுக் குழுவுக்குப் போகும்போது சீட்டை நான் வாங்கிக்கொள்வேன். கையில் இருப்பது இரண்டு சொல் மட்டும் எழுதிய ஒரு துண்டு. வாசிக்க எதுவும் இல்லாததால் சொல்லித்தான் ஆக வேண்டும். நால்வரும் சொன்ன பிறகு “தாமதத்துக்கு யார் காரணம்?” என்று குழுவாக மூன்று வரி தீர்ப்பு எழுத வேண்டும், எட்டில் குறைந்தது ஐந்து சொல் அதில் வர வேண்டும். இதற்கு 15 நிமிடம். முதல் தடவை ஒரு பீரியடில் முடியாது, நிபுணர் குழுவை ஒரு நாளும் வீட்டுக் குழுவை மறுநாளும் வையுங்கள். சோதனை தனித்தனியாக, எட்டுச் சொல்லுக்கும்.

சொல்வேட்டை:

நிபுணர் குழுவே தப்பாகப் புரிந்துகொண்டால்? தப்பு நான்கு வீட்டுக் குழுவுக்கும் பரவிவிடுமே. ஆசிரியர் சொல்லிக்கொடுத்தால் இந்த ஆபத்து இல்லை.

அகரமுதலி:

நியாயமான கேள்வி, பரவத்தான் செய்யும். ஒருமுறை ‘உத்தேசம்’ என்றால் ‘ஏறக்குறைய’ என்று ஒரு குழு முடிவு செய்துவிட்டது. “உத்தேசமாக நூறு பேர் வந்தார்கள்” என்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள், அது அந்தச் சொல்லின் இன்னொரு பயன்பாடு. அவர்களைத் தப்பு என்றும் சொல்ல முடியாது. ஆனால் ‘வரைந்து கொடுக்கும் உத்தேசம்’ என்பதில் அது பொருந்தாது. தப்பு வாக்கியத்தைத் திருத்திய தாளை மட்டும் குழுக்கள் கலைவதற்கு முன் பார்த்துவிடுவேன். எட்டுத் தாள், இரண்டு நிமிடம். தாள் சரியாக இருந்தால் விட்டுவிடுவேன்.

மாலை வகுப்பு:

என் நிலைமை கொஞ்சம் வேறு. பெரியவர்களுக்கு மாலையில் தமிழ் சொல்லித்தருகிறேன், ஒன்பது பேர். எல்லோரும் ஒரே அலுவலகத்தில் வேலை செய்பவர்கள். இங்கே மௌனம் கூச்சத்தால் வருவதல்ல, பதவியால் வருவது. மேலதிகாரி ஜோடியில் இருந்தால் அவர் சொன்னதே பதில். “உங்கள் ஜோடி என்ன சொன்னார்?” என்று கேட்டால் இன்னும் மோசம், இளையவர் தன் கருத்தை முழுசாக விழுங்கிவிட்டு அவருடையதை மட்டும் சொல்கிறார்.

அதனால் எழுதிய வரியைப் பேரில்லாமல் வாங்கிக் கலக்கி, வேறு யாரோ எழுதியதை ஜோடிக்குக் கொடுத்துவிடுகிறேன். இருவரும் மூன்றாம் ஆளின் வரியை விமர்சிக்கிறார்கள். அதில் பேச்சு நன்றாக வருகிறது. ஜிக்சா மூன்று பேர் மூன்று குழுவாகச் செய்தேன். மேலதிகாரிகள் இருவரையும் ஒரே நிபுணர் குழுவில் போட்டேன். வீட்டுக் குழுவுக்கு வரும்போது மற்றவர்களிடம் அவர்களுக்குத் தெரியாத தகவல் இருந்ததால் அவர்களும் கேட்க வேண்டி வந்தது. முழுசாகச் சரியாகவில்லை, ஆனால் நகர்ந்தது.

நாலாவது பெஞ்சு:

பெயரில்லாத வரி என்பது எட்டாம் வகுப்பிலும் செய்யக்கூடியதுதான். ஆனால் அந்த வயதில் கையெழுத்தைப் பார்த்தே யாருடையது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். டீச்சர் தன் கையால் மாற்றி எழுதிப் பலகையில் போட்டால் நல்லது.

திண்ணைப்பாடம்:

டீச்சர் முதல் பதிவில் சொன்ன அந்த 16 சொல்லை எப்படிப் பிரித்தீர்கள்? பொருள் நெருங்கிய சொற்களை ஒன்றாகச் சேர்த்தீர்களா?

கரும்பலகை:

ஆமாம். அலட்சியம், மெத்தனம், அசட்டை, சோம்பல் நான்கும் ஒரே சீட்டில் வைத்தேன். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட வசதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

திண்ணைப்பாடம்:

அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். புதிய சொற்களைப் பொருள் நெருக்கத்தால் கூட்டாகக் கற்றால் ஒன்றோடு ஒன்று குழம்பும் என்று டிங்கம், வேரிங் போன்ற ஆய்வாளர்கள் 1990களில் செய்த சோதனைகள் காட்டின. எது எதற்கு என்று பிறகு பிரிக்க முடிவதில்லை. அகரமுதலி தந்த எட்டில் அந்த நெருக்கம் இல்லை, கவனித்தீர்களா?

சொல்வேட்டை:

ஆனால் பிள்ளைகளைப் பேச வைப்பதே அந்த நெருக்கம்தானே? மெத்தனமா, சோம்பலா என்று கேட்டால்தான் வாக்குவாதம் வரும். நேரமா, அவகாசமா என்று டீச்சர் கேட்டது வேலை செய்ததே!

திண்ணைப்பாடம்:

‘நேரம்’ அவர்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த சொல். தெரிந்த ஒன்றோடு புதிய ஒன்றை மோத விடலாம். இரண்டுமே புதிது என்றால் எதைப் பிடித்துக்கொண்டு எதைப் பிரிப்பார்கள்?

அகரமுதலி:

எனக்கும் திண்ணைப்பாடம் சொல்வதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் ‘தெரிந்த சொல்’ என்று எப்போது முடிவு செய்வது? அலட்சியம் கற்று இரண்டு வாரம் போதுமா, இரண்டு மாதம் வேண்டுமா? நான் இதுவரை கண்ணால் அளந்துதான் செய்கிறேன். மெத்தனத்தைச் சீக்கிரம் கொண்டுவந்து கெடுத்த வகுப்பும் உண்டு.

கரும்பலகை:

நான்கு வாரம் கழித்து எழுதுகிறேன். முதல் இரண்டு வாரம் ஜோடி மட்டும், அப்புறம் ஜிக்சா.

நாலாவது பெஞ்சு சொன்னபடி முதல் நாளே வாக்குக் கொடுத்தேன்: முன்னாலேயே சொல்லாமல் யாரையும் எழுப்ப மாட்டேன். முன் வரிசை மூவருக்குத்தான் ஏமாற்றம். அவர்களுக்கு வேறு வேலை கொடுத்தேன், ஜோடியின் வாக்கியத்துக்கு எதிர்க்கேள்வி யோசிப்பது.

வாக்குமூல ஜிக்சாவில் இரண்டாம் நாள் மூன்று பேர் வரவில்லை. ஒரு குழுவில் கட்டுரை எழுதியவனே இல்லை. நான் போய் அவன் வாக்குமூலத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைத்து, வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டேன். நான் உட்கார்ந்தால் எல்லோரும் என் வாயைப் பார்ப்பார்கள். பக்கத்துக் குழுவின் கட்டுரை எழுதியவளை அனுப்பினேன். அவள் அங்கே இரண்டாம் தடவை சொன்னபோது முதல் தடவையைவிட நன்றாகச் சொன்னாள். அடுத்த முறை எல்லோருக்குமே இரண்டு தடவை சொல்லும் வாய்ப்பு வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

சத்தம் அதிகம். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். ஒரு குழுவில் நடந்ததை நின்று கேட்டேன். தலைவியாக இருந்த பெண் “நான் பாரபட்சம் காட்டலை” என்றாள். கட்டுரை எழுதியவன் “எனக்கு மூணு நாள் சலுகை கொடுத்தியே” என்றான். படம் வரைபவன் “அப்ப எனக்கு ஏன் அஞ்சாம் நாள்?” என்று கேட்டான். தலைவி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “உன் படம் வந்தாத்தான் பக்கம் பிரிக்க முடியும், அது பாரபட்சம் இல்லை, நிர்ப்பந்தம்” என்றாள். சீட்டில் அப்படி எதுவும் இல்லை. அவளாகவே சொன்னாள்.

பத்து நாள் கழித்துச் சொல்லாமல் சோதித்தேன். பொருள் கேட்கவில்லை, எட்டு வாக்கியத்தில் பொருந்தும் சொல்லை எழுதச் சொன்னேன். தன் சீட்டுச் சொற்களுக்கும் மற்றவர் சொற்களுக்கும் இடையே இன்னும் வித்தியாசம் இருக்கிறது, ஆனால் முன்பு போல ஒரு பக்கம் முழுக்கக் காலியாக இல்லை. பாரபட்சமும் சலுகையும் எல்லோருக்கும் ஒட்டிவிட்டன, வழக்கே அவற்றின் மேல்தான் நின்றது. ‘ஆதங்கம்’ மட்டும் யாருக்கும் சரியாக நிற்கவில்லை. பலர் கோபம் வர வேண்டிய இடத்தில் எழுதியிருக்கிறார்கள். இப்போது யோசித்தால், ஆதங்கம் புரியாமலே அந்த வழக்கைத் தீர்த்துவிட முடியும், அதனால் யாரும் அதைத் தோண்டவில்லை. ‘சமரசம்’ இருக்கும் இடத்தில் பாதிப் பேர் ‘சமாதானம்’ என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கு மதிப்பெண் போடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஒரு பிள்ளை மட்டும் இன்னும் பேசவில்லை. வீட்டுக் குழுவில் தன் வாக்குமூலத்தை ஒரு தாளில் எழுதி நடுவில் வைத்துவிட்டாள். மற்ற மூவரும் அதை வாசித்துக்கொண்டு தொடர்ந்தார்கள். நான் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டுமா?

நாலாவது பெஞ்சு:

தடுக்காதது நல்லது. சீட்டைப் பார்த்து எழுதினாளா, சொந்த வார்த்தையில் எழுதினாளா?

கரும்பலகை:

சீட்டை நான் வாங்கிவிட்டேன், அதனால் சொந்தமாகத்தான் எழுதினாள். இரண்டு சொல்லும் சரியாக வந்திருந்தன.

சொல்வேட்டை:

அப்படியானால் சொல் வந்துவிட்டது, பேச்சு வரவில்லை. உங்களுக்கு எது வேண்டும் என்பதைப் பொறுத்தது, டீச்சர்.

அகரமுதலி:

அடுத்த முறை அவள் எழுதிய தாளை ஜோடி ஒருத்தி சத்தமாக வாசிக்கட்டும், அவள் பக்கத்தில் இருந்து திருத்தட்டும். ஒரு சொல் தப்பாக வாசிக்கப்பட்டால் வாயைத் திறப்பாளா என்று பாருங்கள். ஆதங்கத்துக்கு நானும் வாக்குமூலத்தை மாற்றி எழுதிப் பார்க்கிறேன். அவனுக்குக் கோபமா, ஆதங்கமா என்பதை வைத்துத் தீர்ப்பு மாறுகிற மாதிரி இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் இங்கே போடுகிறேன்.